வி.ஆர்.எஸ். கடிதத்தில் கையெழுத்திடும் முன்

மகள் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு, மகன் பிளஸ் டூ, கம்பெனியோ வி.ஆர்.எஸ். சுற்றறிக்கை ஒட்டிவிட்டது, 13 லட்சம் கிடைக்கும் என்கிறார்கள், வாங்கிப் பிள்ளைகள் படிப்பை முடித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பிள்ளைகளின் கோர்ஸைப் பிறகு பேசலாம். முதலில் அந்த 13 லட்சத்தைப் பிரித்துப் பார்ப்போம்.

உங்களுக்கு வயது 52, சர்வீஸ் 24 ஆண்டு, ஓய்வு வயது 58. பேசிக்கும் டி.ஏ.வும் சேர்த்து 40,000. சுற்றறிக்கைப்படி முடித்த ஆண்டுக்கு 35 நாள் சம்பளம், மீதமுள்ள ஆண்டுக்கு 25 நாள் சம்பளம். அதாவது 840 நாளும் 150 நாளும், மொத்தம் 990 நாள். மாதச் சம்பளத்தை 30-ஆல் வகுத்தால் 13,20,000 வரும். 26-ஆல் வகுத்தால் 15,23,000-க்கு மேல் வரும். எந்த எண்ணால் வகுக்கிறார்கள் என்பதை எச்.ஆரிடம் எழுத்தில் கேளுங்கள்.

கிராஜுவிட்டியை இந்தத் தொகையோடு கூட்டிச் சொன்னால் ஏமாறாதீர்கள். அது உங்கள் கணக்கில் சுமார் 5,54,000. ராஜினாமா செய்தாலும் கிடைக்கும், இருந்து ஓய்வு பெற்றால் இன்னும் கூடும். பி.எஃப். பணமும் அப்படித்தான், ஏற்கெனவே உங்களுடையது. வி.ஆர்.எஸ். தருவது 13,20,000 மட்டுமே. வருமான வரி விதிகளுக்கு உட்பட்ட திட்டமாக இருந்தால் அதில் 5 லட்சத்துக்கு வரி கிடையாது, அதுவும் வாழ்நாளில் ஒரே முறை. மீதி அந்த ஆண்டு வருமானத்தோடு சேரும். அதனால் முழு ஆண்டுச் சம்பளமும் வாங்கிவிட்டு மார்ச்சில் வெளியேறுவதைவிட, ஏப்ரலில் வெளியேறி அப்போதே பணம் வாங்கினால் வரி குறைய வாய்ப்புண்டு.

எதிர்ப்பக்கம் பாருங்கள். கையில் வாங்கும் 48,000 வீதம் 72 மாதத்துக்கு 34,56,000. வரி போக 12.5 லட்சம் நின்றால், இழப்பை ஈடுகட்ட வெளியே மாதம் 30,000-க்குச் சற்று மேல் சம்பாதிக்க வேண்டும். வட்டி கொஞ்சம் உதவும், ஆனால் கல்லூரிக் கட்டணத்துக்கு எடுத்துவிட்ட பணம் வட்டி தராது. கம்பெனி மெடிக்ளைம் நின்றுபோகும், சொசைட்டிக் கடனைப் பிடித்துக்கொள்வார்கள். பி.எஃப். பென்ஷனை 58-க்கு முன் கேட்டால் முந்தும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 சதவீதம் குறையும், ஆகவே அதைத் தொடாதீர்கள். அந்த 30,000 வேலை கண்ணில் தெரியாமல் விண்ணப்பிப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். கம்பெனியே மூடப்போகிறது என்றால் மட்டும் கணக்கு வேறு.

விண்ணப்பிப்பதென்று முடிவானால், வார்த்தைகள் முக்கியம். 'ராஜினாமா' என்ற சொல்லே கடிதத்தில் வேண்டாம். 'குடும்பச் சூழ்நிலையால் விலகுகிறேன்' என்றும் வேண்டாம், அது வெறும் விலகலாகப் படிக்கப்படலாம். நீங்களாக நிபந்தனை போட்டாலும் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். சுற்றறிக்கையின் வாசகத்தையே பிடித்துக்கொள்வதுதான் வழி. இப்படி எழுதலாம்:

"தங்களின் [நாள்] தேதியிட்ட [எண்] சுற்றறிக்கையில் அறிவித்த விருப்ப ஓய்வுத் திட்டத்தின் கீழ் ஓய்வு பெற விண்ணப்பிக்கிறேன். சுற்றறிக்கையிலும் எனக்கு அளித்த கணக்கீட்டுத் தாளிலும் கண்ட பலன்களையும் நிபந்தனைகளையும் படித்து, அவற்றின்படி ஏற்கிறேன். பணிக்கொடை, வருங்கால வைப்பு நிதி, விடுப்புச் சம்பளம் ஆகியவை இத்தொகைக்குப் புறம்பாக எனக்குச் சேர வேண்டியவை எனப் புரிந்துகொண்டுள்ளேன். விண்ணப்பம் ஏற்கப்பட்டதையும் பணி விடுவிப்பு நாளையும் எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன்."

மூன்றாவது வாக்கியத்தை எச்.ஆர். நீக்கச் சொன்னால் காரணத்தைக் கேளுங்கள். விடுப்புச் சம்பளத்தை வி.ஆர்.எஸ். தொகைக்குள்ளேயே அடக்கியிருக்கிறார்களா என்பது அப்போதுதான் வெளிவரும். 'எல்லாக் கோரிக்கைகளுக்கும் முழுத் தீர்வாகப் பெற்றேன்' என்று அச்சடித்த ரசீதைப் பணம் வங்கிக்கு வராமல் கையெழுத்திடாதீர்கள். ஊதிய ஒப்பந்தம் நிலுவையில் இருந்தால், அதன் அரியர்ஸ் உங்களுக்கு உண்டா என்பதையும் முதலிலேயே கேட்டு வையுங்கள்.

கொடுத்த பிறகு மனம் மாறினால்? 2000-ஆம் ஆண்டு வங்கிகள் கொண்டுவந்த வி.ஆர்.எஸ். பற்றிய வழக்கில், 2002 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் விண்ணப்பத்தை ஊழியர் வைக்கும் முன்மொழிவாகப் பார்த்தது. நிர்வாகம் ஏற்பதற்கு முன் திரும்பப் பெறலாம் என்றது. திட்டத்தின் பணத்தை வாங்கிக்கொண்டவர்களுக்கு அந்த வழி கிடைக்கவில்லை. எல்லாத் திட்டத்துக்கும் இது அப்படியே பொருந்தாது, உங்கள் சுற்றறிக்கையில் திரும்பப் பெறும் கடைசி நாள் என்ன என்று பாருங்கள். விண்ணப்ப நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கி வையுங்கள்.

மகனின் கோர்ஸ் பற்றிப் பேச வரும்போது கணக்கீட்டுத் தாளையும் கொண்டு வாருங்கள்.