கூலி வேறு, சேதாரம் வேறு: ஒரு குவிண்டால் கோதுமை அரைக்க என்ன விலை சொல்வது?

கேள்வி: சிங்கப்பூர் சிராங்கூன் ரோடு பக்கம் சின்ன மாவு மில் வைத்திருக்கிறேன். 10 எச்.பி. மோட்டார், கல் மில். கிலோவுக்கு ஒரு வெள்ளி கூலி. இப்போது சாப்பாட்டு கேட்டரிங் செய்யும் ஒருவர் மாதம் 10 குவிண்டால் கோதுமை தருகிறேன், குவிண்டாலுக்கு 60 வெள்ளி வாங்கிக்கொள் என்கிறார். 100 கிலோ அரைக்க ஒண்ணேகால் மணி நேரம் ஆகிறது. கல் மழுங்கினால் ஒன்றரை மணி. மாவு சில நாள் 98 கிலோ வருகிறது, சில நாள் 97-கூட இல்லை. கரண்ட், தேய்மானம், எடைக் குறைவு மூன்றையும் எப்படிக் கணக்குப் போட்டு விலை சொல்வது?

பதில்: நகைக்கடையில் செய்கூலியையும் சேதாரத்தையும் தனித்தனியாக எழுதுவார்கள். உங்கள் மில்லுக்கும் அதே வழிதான் சரி. இரண்டையும் ஒரே தொகையில் கலந்துவிட்டால், மாவு குறைகிற நாளில் நஷ்டம் எங்கிருந்து வந்தது என்றே தெரியாது.

கரண்ட் கணக்கு எளிது, அதில் தொடங்குவோம். பலர் 10 எச்.பி.யை 0.746-ஆல் பெருக்கி, அதை மணி நேரத்தால் பெருக்கிவிடுகிறார்கள். ஆனால் மோட்டார் எப்போதும் முழுச் சுமையில் ஓடுவதில்லை, உள்ளே வாங்கும் கரண்ட் முழுவதும் சுழற்சியாகவும் மாறுவதில்லை. கிளாம்ப் மீட்டர் வைத்து அளப்பதே நம்பகமானது. எலெக்ட்ரீஷியனை ஒரு முறை அழைத்து, கல் கொத்திய மறுநாள் கோதுமை ஓடும்போது அளக்கச் சொல்லுங்கள். மூன்று ஃபேஸ் 400 வோல்ட்டில் 11.5 ஆம்பியர் காட்டினால், பவர் ஃபேக்டரையும் சேர்த்துப் பார்க்கையில் ஏறக்குறைய 6.5 கிலோவாட். ஒண்ணேகால் மணிக்கு 8.1 யூனிட். தானியம் விழுவதற்கு முன்னும் பின்னும் வெறுமனே சுற்றுவதையும் சேர்த்தால் 8.5 யூனிட். ஒரு யூனிட்டுக்கு வரியோடு 30 காசு என்று வைத்துக்கொண்டால் குவிண்டாலுக்கு 2 வெள்ளி 55 காசு. கட்டணம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாறும், அதனால் உங்கள் பில்லில் உள்ள எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள். யூனிட்டுக்கு ஒரு காசு ஏறினால் குவிண்டாலுக்கு எட்டரைக் காசுதான் கூடும். அதற்காக வாடிக்கையாளரிடம் ‘கரண்ட் கட்டணம் ஏறினால் கூலியும் ஏறும்’ என்று பேச வேண்டியதில்லை.

அந்த ஆம்பியர் அளவைச் சுவரில் எழுதி ஒட்டி வையுங்கள். விலை சொல்வதை விடக் கல்லைக் கவனிப்பதற்கு அது அதிகம் உதவும்.

கல் மழுங்கும்போது கரண்ட், தேய்மானம், எடைக் குறைவு மூன்றும் ஒன்றாகவே நகர்கின்றன. கூரான கல் தானியத்தை வெட்டும், மழுங்கிய கல் தேய்க்கும். மாவு நைசாக வரவில்லை என்று ஆள் கல்லை இன்னும் இறுக்குவார். அப்போது ஆம்பியர் 11.5-லிருந்து 13 வரை போகும், நேரம் கால் மணி கூடும், மாவு கையில் பிடிக்க முடியாத சூட்டில் விழும். அந்தச் சூட்டில் கோதுமையின் ஈரம் ஆவியாகிறது. அதுதான் உங்கள் 97 கிலோ நாள்.

ஈரக் கணக்கைப் பாருங்கள். 100 கிலோ கோதுமையில் 12 சதவீதம் ஈரம் இருந்தால், உலர்ந்த பொருள் 88 கிலோ. அரைத்தாலும் இந்த 88 கிலோ மாறாது. மாவில் ஈரம் 10.5 சதவீதமாக இறங்கினால் எடை இப்படி வரும்:

```
100 × (100 − 12) ÷ (100 − 10.5) = 98.3 கிலோ
```

கல் மழுங்கி, ஈரம் 9.5 சதவீதம் வரை இறங்கினால் அதே 88 கிலோவுக்கு மாவு 97.2 கிலோதான். இரண்டிலும் கல் கூண்டுக்குள் ஒட்டுவது, துணிப் பையில் படிவது, பறந்து போவது எல்லாம் சேர்த்து அரை கிலோ கழியும். ஆக நல்ல கல்லில் 97.8, மழுங்கிய கல்லில் 96.7. இடையே ஒரு கிலோவுக்கு மேல் வித்தியாசம். அதை யாரும் எடுத்துக்கொண்டு போகவில்லை, சூட்டில் ஆவியாகிப் போனது.

உங்கள் மில்லில் எது எவ்வளவு என்று அறிய மூன்று தவணை சோதித்தால் போதும். கூண்டையும் பையையும் தட்டிச் சுத்தம் செய்துவிட்டு, 100 கிலோவை நிறுத்துப் போடுங்கள். முடிந்து மாவு ஆறியதும் அதை நிறுங்கள், கூண்டில் ஒட்டியதையும் தரையில் விழுந்ததையும் பிரஷ்ஷால் கூட்டித் தனியாக நிறுங்கள். இரண்டையும் கூட்டியும் கிடைக்காத எடைதான் பெரும்பாலும் ஈரம். மாவை நிறுப்பதில் நேரமும் முக்கியம். சிங்கப்பூர்க் காற்றில் ஈரம் அதிகம் என்பதால், திறந்து வைத்த மாவு ஆறும்போது கொஞ்சம் எடையைத் திரும்பப் பிடிக்கும். மூன்று முறையும் மாவு ஆறிய பிறகே நிறுங்கள். சூடாகவே பையைக் கட்டினால் உள்ளே வியர்த்துக் கட்டி பிடிக்கும், பூசணமும் வரலாம். பிறகு எடைச் சண்டையோடு தரச் சண்டையும் சேரும்.

இனித் தேய்மானம். இங்கே நான் போடும் விலைகள் உதாரணம், உங்கள் ரசீதுகளைப் பார்த்து மாற்றுங்கள். ஒரு ஜோடி கல் கப்பல் செலவோடு 1,200 வெள்ளி. 25 முறை கொத்தினால் கல் தீர்ந்துவிடுகிறது என்று வைப்போம். ஒரு முறை கொத்த மூன்று மணி நேரம், மணிக்கு 18 வெள்ளி என்றால் 54 வெள்ளி. 40 குவிண்டாலுக்கு ஒரு முறை கொத்தினால், குவிண்டாலுக்குக் கொத்துக் கூலி 1.35, கல் 1.20. பெல்ட், பேரிங், துணிப் பை சேர்த்து 80 காசு. மொத்தம் 3.35.

30 குவிண்டாலுக்கே கொத்தினால் கொத்துக் கூலி 1.80, கல் 1.60 ஆகும். மொத்தம் 4.20. குவிண்டாலுக்கு 85 காசு கூடுகிறதே என்று பலர் தள்ளிப் போடுவார்கள். ஆனால் கடைசிப் பத்துக் குவிண்டால் மழுங்கிய கல்லில் ஓடும்போது என்ன ஆகிறது? ஒவ்வொரு குவிண்டாலுக்கும் கரண்ட் 80 காசு கூடுகிறது. சொன்ன எடை கொடுக்க முடியாமல் முக்கால் கிலோ மாவு ஈடு செய்ய ஏறக்குறைய 1.20 ஆகிறது. கால் மணி நேரம் வீணாகிறது. கடை வாடகையும் ஆள் சம்பளமும் மணிக்கு 40 வெள்ளி என்றால் அந்தக் கால் மணி 10 வெள்ளி. ஆக 12 வெள்ளி. பத்துக் குவிண்டாலுக்கு 120. அதை 40 குவிண்டாலில் பரப்பினால் குவிண்டாலுக்கு 3 வெள்ளி. 85 காசைச் சேமிக்க 3 வெள்ளி போகிறது. நாள் பார்த்துக் கொத்தாமல், ஆம்பியர் 12.5 தாண்டினால் கொத்துவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சேதாரத்துக்கு இரண்டரை சதவீதம் எழுதுங்கள். 100 கிலோ வாங்கினால் 97.5 கிலோ மாவு உறுதி, அதற்குக் கீழே போனால் குறைவு உங்கள் பொறுப்பு. இது நியாயமான எல்லை. கோதுமையில் இருந்த நீருக்கு நீங்கள் ஈடு தர வேண்டியதில்லை, மழுங்கிய கல்லுக்கு அவர் தர வேண்டியதில்லை. கூலியை வாங்கும் எடைக்குப் போடுங்கள், கொடுக்கும் எடைக்கு அல்ல. கொடுக்கும் எடைக்குப் போட்டால் அவருடைய ஈரக் கோதுமையை அரைத்த உழைப்புக்கு உங்கள் கூலி குறையும். கோதுமையில் கல்லும் தூசியும் கலந்திருந்தால், சலித்த பிறகு வரும் எடையை எழுதிக் காட்டுங்கள். இரண்டு எடையையும் அவர் கண் முன்னால், அக்கியூரசி லேபிள் ஒட்டிய தராசில் நிறுத்து, ரசீதில் கிலோவிலேயே எழுதுங்கள். எப்போதாவது எல்லை தாண்டும் நாளுக்காகக் குவிண்டாலுக்கு 50 காசு ஒதுக்கி வையுங்கள்.

கரண்ட் 2.55, தேய்மானம் 4.20, சேதார ஒதுக்கு 50 காசு. கூட்டினால் 7 வெள்ளி 25 காசு. நீங்கள் பயந்த மூன்று செலவும் இவ்வளவுதான். மீதி எல்லாம் நேரத்தின் விலை. அரைக்க ஒண்ணேகால் மணி, நிறுக்க, சலிக்க, கூண்டைத் துடைக்க அரை மணி. ஒண்ணே முக்கால் மணிக்கு, மணிக்கு 40 வெள்ளி வீதம் 70 வெள்ளி. முழு அடக்கம் 77.25. அவர் கேட்கும் 60 இதில் அடங்காது.

ஆனாலும் உடனே மறுத்துவிடாதீர்கள். 60 வெள்ளியில் 7.25 போனால் 52.75 மிச்சம், மணிக்கு 30 வெள்ளி. மில் சும்மா நிற்கும் செவ்வாய், புதன் காலையில் என்றால் வாடகையும் சம்பளமும் எப்படியும் போகிறவை. அந்த 30 வெள்ளி முழுக்க உங்களுக்கு வரவு. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில், முறுக்கு மாவுக்கு வரிசை நிற்கும்போது கதை வேறு. சில்லறையில் மணிக்கு 50 கிலோ அரைத்தால் 50 வெள்ளி வருகிறது. கரண்ட், தேய்மானம் போக 45 வெள்ளியாவது நிற்கும். அந்த நேரத்தில் 60-க்கு அரைத்தால் மணிக்கு 15 வெள்ளி இழக்கிறீர்கள்.

ஆகவே இரண்டு விலை சொல்லுங்கள். சாதாரண விலை 78. நீங்கள் குறிக்கும் மந்தமான நேரத்தில் கொண்டு வந்தால் 65. 60-க்கே பிடிவாதம் பிடித்தால், அதுவும் மந்தமான நேரத்துக்கு மட்டும். எந்த விலையானாலும் ஒரு நிபந்தனை வேண்டும்: ஒரே தானியம், ஒரே தவணையில் 100 கிலோ. இதே 100 கிலோவை ஐந்து நாளில் இருபது இருபதாகக் கொண்டு வந்தால், கூண்டில் தங்கும் மாவும் துடைக்கும் நேரமும் ஐந்து தடவை. அரை மணி இரண்டரை மணி ஆகிவிடும், லாபம் முழுவதும் அதிலேயே போகும். மிளகாய், மல்லி அரைத்த கல்லில் இவருடைய கோதுமை போவதாக இருந்தால், முதலில் ஒரு கிலோ அரிசி ஓட்டிக் கழிக்க வேண்டும். அந்த அரிசி யார் கணக்கு என்பதையும் முதல் நாளே பேசிவிடுங்கள்.