ரயில் அலர்ட்டில் நேரம் ஏன் மாறிக்கொண்டே இருக்கிறது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

மதுரையிலிருந்து வந்த அம்மாவை அழைத்துவர எழும்பூர் போக வேண்டியிருந்தது. வண்டி 40 நிமிடம் லேட் என்று அலர்ட் வந்தது. அதை நம்பிப் போனால், அம்மா 20 நிமிடமாகப் பிளாட்பாரத்தில் காத்திருக்கிறார். அலர்ட் பொய்யா?

பொய் இல்லை. அந்த 40 நிமிடம் விழுப்புரத்தின் கணக்கு, எழும்பூரின் கணக்கு அல்ல. கடைசியாகக் கடந்த நிலையத்தில் வண்டி எவ்வளவு தாமதமோ, அதையே மீதி நிலையங்களின் அட்டவணை நேரத்தோடு கூட்டுவதுதான் பெரும்பாலான அலர்ட்டுகளின் கணக்கு. ஆனால் அட்டவணையில், முக்கியமாகப் பயணத்தின் கடைசிப் பகுதியில், கொஞ்சம் உபரி நேரம் வைத்திருப்பார்கள். தாமதத்தை ஈடுகட்டத்தான் அது.

ஒரு உதாரணம் பார்ப்போம். வண்டி எழும்பூருக்கு 5:20க்கு வர வேண்டும். விழுப்புரத்தில் 40 நிமிடம் லேட் என்பதால் அலர்ட் 6:00 என்கிறது. செங்கல்பட்டு வரும்போது தாமதம் 38 ஆகிறது, தாம்பரத்தில் 35. தாம்பரத்துக்கும் எழும்பூருக்கும் சுமார் 25 கி.மீ. வழி கிடைத்தால் அரை மணியில் வந்துவிடலாம். அட்டவணையில் 45 நிமிடம் கொடுத்திருந்தால் அங்கேயே 15 நிமிடம் மிச்சம். வண்டி 5:40க்கு நிற்கிறது. நீங்கள் 6:00க்குப் போகிறீர்கள்.

ஆகவே 'எவ்வளவு லேட்' என்பதோடு 'எந்த நிலையத்தில் லேட்' என்றும் பாருங்கள். எழும்பூரில் யாரையாவது அழைக்கப் போனால், விழுப்புரத்துத் தாமதத்தில் பாதியை மட்டும் நம்பிக் கிளம்புவது என் வழக்கம். வயதானவர்கள் வருகிறார்கள் என்றால் அந்தப் பாதியையும் நம்ப மாட்டேன்.

எங்கள் பக்கம் நேர்மாறு. சிதம்பரத்தில் நிற்கிறோம், 15 நிமிடம் லேட் என்றது 25 ஆகி, 40 ஆகிவிடுகிறது.

விழுப்புரம் – மயிலாடுதுறை பாதை ஒற்றைப் பாதை. எதிரே வரும் வண்டிக்கு வழிவிட ஏதாவது ஒரு நிலையத்தில் ஒதுங்கி நிற்க வேண்டும். நேரத்துக்கு வரும் வண்டிக்குக் கிராசிங் எங்கே என்பது முன்பே திட்டமிடப்பட்டிருக்கும். 15 நிமிடம் பிந்தினால் அந்தத் திட்டம் கலைந்துவிடும். கண்ட்ரோலர் வேறு நிலையத்தில் நிறுத்திவைப்பார். அலர்ட்டுக்கு இது முன்கூட்டித் தெரியாது. வண்டி நின்ற பிறகே எண் ஏறும்.

ஆப்பில் வண்டி ஒரே இடத்தில் அரை மணி நேரம் நிற்கிறது, அப்புறம் திடீரென்று மூன்று நிலையம் தாண்டிவிடுகிறது. ஏன்?

நிலையத்திலிருந்து தகவல் போய், கண்ட்ரோல் அலுவலகக் கணினியில் ஏறிய பிறகே ரயில்வேயின் NTES ஆப்புக்கு வரும். பதிவு பிந்தினால் வண்டி நிற்பதுபோலத் தெரியும். என்ஜினில் செயற்கைக்கோள் கருவி இருந்தால் நிலையங்களுக்கு நடுவிலும் இடம் தெரியும். கடைசியாகப் பதிவான நேரம் அரை மணிக்கு மேல் பழசாக இருந்தால், அந்த அலர்ட்டை ஒதுக்கிவிட்டு ரயில்வே விசாரணை எண்ணான 139க்கு அழைத்துக் கேளுங்கள்.

'ரீஷெட்யூல்' என்று வருவதும் 'லேட்' என்பதும் ஒன்றா?

இல்லை. லேட் என்பது வழியில் போடும் கணக்கு. ரீஷெட்யூல் என்பது புறப்படும் நிலையத்திலேயே அதிகாரிகள் எடுக்கும் முடிவு. அதே பெட்டிகள் வேறு ஊரிலிருந்து பிந்தி வருவது இதற்கு ஒரு வழக்கமான காரணம். உள்ளே வரும் வண்டி இன்னும் பிந்தினால், இரண்டு மணி நேரம் என்றது மூன்றரை ஆகும். நீங்கள் ஏறும் நிலையத்தில் 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி, பயணத்தைக் கைவிட்டால் முழுப் பணமும் கிடைக்கும். ஆன்லைன் டிக்கெட் என்றால், வண்டி உங்கள் நிலையத்தைவிட்டுக் கிளம்பும் முன், பணத்தைத் திரும்பக் கேட்கும் டி.டி.ஆர். மனுவைப் போட்டுவிட வேண்டும். பலர் மறுநாள் போட்டு ஏமாந்துபோகிறார்கள்.

எனக்கு எந்த எஸ்.எம்.எஸ்.ஸும் வருவதில்லையே?

டிக்கெட் எடுக்கும்போது எந்த மொபைல் எண் கொடுக்கப்பட்டதோ, அதற்குத்தான் போகும். ஏஜென்ட் தன் எண்ணைப் போட்டிருப்பார். அடுத்த முறை உங்கள் எண்ணைப் போடச் சொல்லுங்கள். நடு இரவில் இறங்க வேண்டியவர்கள் 139க்கு அழைத்து, பி.என்.ஆர். எண் சொல்லி, இறங்கும் நிலையத்துக்கான அலர்ட்டைப் பதிவு செய்யலாம். இரவு 11 முதல் காலை 7 வரை, நிலையம் வர 20 நிமிடம் முன்பு கைப்பேசிக்கு அழைப்பு வரும். அதுவும் கணக்குதான், கைப்பேசியில் ஒரு அலாரமும் வையுங்கள்.

விமானம் இரண்டு மணி நேரம் தாமதம் என்று செய்தி வந்தது. தாமதமாகவே கிளம்பலாமா?

வேண்டாம். ஒரே விமானம் ஒரு நாளில் பல ஊர்களுக்குப் பறக்கிறது. காலையில் விழுந்த தாமதம் மாலைவரை தொடரும். ஆனால் வேறு விமானம் கிடைத்தால் நிறுவனம் அதை மாற்றிவிடும், தாமதம் சுருங்கிவிடும். உள்நாட்டுப் பயணத்தில் செக்-இன் பொதுவாக 60 நிமிடம் முன்பே மூடப்படும். பழைய நேரத்துக்கே போய்ச் சேருங்கள்.