செடியிலேயே முளைத்த பயறு: தீவனமா, விதையா?

"ஐயா, நான் முத்தையன்கட்டுப் பக்கம். காலபோக நெல் வெட்டின பிறகு ஒன்றரை ஏக்கரில் பயறு போட்டேன். பிடுங்கிற நேரம் பார்த்து சித்திரை மழை நாலு நாள் விடாமல் பெய்து நெற்றுக்குள்ளேயே முளைத்துவிட்டது. காயவைத்து அடித்ததில் நல்லது போக 3 உரப்பை, 150 கிலோ வரும், முளைத்ததும் முளைக்காததும் கலந்து கிடக்கு. முளைத்தது நல்லாச் சமிக்கும், சத்துக் கூட, தண்ணி தெளித்து இன்னும் நாலைந்து நாள் வளரவிட்டுக் கொடு என்று பக்கத்துக் காணிக்காரர் சொல்கிறார். 40 ஊர்க்கோழியும் 2 பசுவும் நிற்குது. கொடுக்கலாமா? கொஞ்சம் விதைக்கு எடுக்கலாமா?"

தீவனமாகக் கொடுக்கலாம், பூஞ்சணம் பிடிக்காமல் இருந்தால். ஆனால் தண்ணீர் தெளித்து வளரவிட வேண்டாம், விதைக்கும் எடுக்க வேண்டாம். பக்கத்துக் காணிக்காரர் சொன்னதில் பாதி சரி. எந்தப் பாதி என்று தெரிந்தால் மற்ற முடிவுகளை நீங்களே எடுத்துவிடலாம்.

வீட்டில் இருக்கும் நல்ல பயறில் ஒன்றை இரவு ஊறவைத்து, காலையில் தோலை உரித்து இரண்டாகப் பிளந்து பாருங்கள். ஒரு பாதியின் ஓரத்தில் வெள்ளையாக, வளைந்த சின்ன முள் மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அதுதான் முளையம், வரப்போகும் செடி. மற்ற இரண்டு தடித்த பாதியும் வித்திலை, அதாவது செடிக்குத் தாய் கட்டிக் கொடுத்த சாப்பாடு. 100 கிராம் பயறில் ஏறக்குறைய 24 கிராம் புரதம், 60 கிராமுக்குக் கிட்ட மாப்பொருள் வகை. இந்தச் சாப்பாடு நாட்கணக்கில் கெடாமல் கிடக்க வேண்டும் என்பதால் கரையாத வடிவில் இறுக்கிக் கட்டப்பட்டிருக்கிறது: மாப்பொருள் மணி மணியாகவும், புரதம் நுண்ணிய பைகளிலும், எல்லாவற்றையும் சுற்றிக் கலச்சுவருமாக. முளையத்தால் அதை அப்படியே எடுத்துச் சாப்பிட முடியாது. கோழியின் குடலுக்கும் நம்முடைய குடலுக்கும் அவிக்காத பயறு கஷ்டமாக இருப்பதற்கும் இதுதான் பெரிய காரணம்.

தண்ணீர் பட்டதும் விதை விழிக்கிறது. வித்திலைக்குள் நொதியங்கள் வேலை தொடங்கி, மாப்பொருளை வெட்டிச் சீனியாக்குகின்றன, புரதத்தை வெட்டி அமினோ அமிலமாக்குகின்றன. இவை தண்ணீரில் கரையும், கரைந்தால்தான் வேர் நுனிக்கும் குருத்துக்கும் ஓடிப்போய்ச் சேரும். நம்முடைய வயிறும் உணவை இப்படித்தான் வெட்டுகிறது. ஆகவே முளைத்த பயறில் சமிபாட்டின் முதல் பகுதியைச் செடி தனக்காகவே செய்து வைத்திருக்கிறது, நாம் குறுக்கே புகுந்து எடுத்துக்கொள்கிறோம்.

இதில் எது முதலில் கரைகிறது என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம். பயறு, கௌபி, உழுந்து எல்லாவற்றிலும் ராஃபினோஸ், ஸ்டக்கியோஸ் என்ற சிறிய சீனிகள் கொஞ்சம் உண்டு. அவற்றை வெட்டும் நொதியம் நமக்கும் இல்லை, கோழிக்கும் இல்லை. அவை வெட்டுப்படாமல் பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள கிருமிகளுக்குச் சாப்பாடாகின்றன, வாயு வருவது அதனால்தான். விதையோ விழித்தவுடன் இந்தச் சீனிகளில்தான் முதலில் கை வைக்கிறது, ஒன்று இரண்டு நாளிலேயே பெரும்பகுதி போய்விடும். வித்திலையில் உள்ள பெரிய சேமிப்பான மாப்பொருளும் புரதமும் அதற்குப் பிறகு, இரண்டாம் மூன்றாம் நாளில்தான் வேகமாகக் கரையத் தொடங்கும். பொசுபரசைப் பூட்டி வைக்கும் பைற்றிக் அமிலமும் இந்த நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது, அதனால் முட்டைக் கோழிக்கு ஒரு பிரயோசனம் உண்டு. புரதம் சமிப்பதைத் தடுக்கும் பொருளும் குறையும், ஆனால் முழுதாகப் போகாது.

சரி, அப்படியென்றால் இன்னும் நாலைந்து நாள் விட்டால் இன்னும் நல்லதுதானே? இல்லை. விதைநெல்லை ஊறவைத்து, சாக்கில் கட்டி, மேலே வைக்கோல் போட்டு முளைகட்ட வைப்பீர்கள். அடுத்த நாள் சாக்குக்குள் கையை விட்டுப் பார்த்திருக்கிறீர்களா? கை சுடும். அந்தச் சூடு வெளியிலிருந்து வந்ததில்லை. நெல்லுக்குள் இருந்த மாப்பொருள் சீனியாகி, சுவாசத்தில் எரிந்து வந்த சூடு. பயறும் அப்படித்தான். பச்சை இலை விரிந்து வெயிலில் உணவு செய்யத் தொடங்கும் வரைக்கும் செடிக்கு வரவே இல்லை, வித்திலையிலிருந்து செலவு மட்டும்தான். கரையும் சேமிப்பில் ஒரு பங்கு வேராகவும் தண்டாகவும் மாறுகிறது, மற்றப் பங்கு எரிந்து போகிறது.

இதை வீட்டிலேயே நிறுத்துப் பார்க்கலாம். நல்ல பயறில் ஒரே நிறையில் இரண்டு பங்கு எடுங்கள், கால் கிலோ கால் கிலோவாக இருந்தால் போதும். ஒன்றை அப்படியே வையுங்கள். மற்றதை 8 மணித்தியாலம் ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி, நாளுக்கு இரண்டு தடவை கழுவி 5 நாள் இருட்டில் வளருங்கள். சட்டி நிறைந்து வழியும், தூக்கினால் ஒரு கிலோவுக்கு மேலும் நிற்கும், பார்க்க ஆசையாக இருக்கும். அதை முழுவதும் சுளகில் பரப்பி வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்துத் திரும்ப நிறுங்கள். கால் கிலோவுக்குக் கீழேதான் காட்டும். கூடினது தண்ணீர். 'முளைத்த பயறில் புரதம் கூட' என்று சொல்வதும் இந்தக் கணக்குத்தான்: மாப்பொருள் எரிந்து குறைவதால் மிச்சத்தில் புரதத்தின் வீதம் பெரிதாகத் தெரிகிறது, புரதம் புதிதாக உண்டாகவில்லை. உண்மையில் புதிதாக உண்டாவது உயிர்ச்சத்து சீ போன்ற சில. அது பிள்ளைகளுக்கு நல்லது. கோழி அதைத் தன் உடம்பிலேயே செய்துகொள்ளும்.

பனங்கொட்டையிலும் இதே கதையைக் கண்ணால் பார்க்கலாம். பாத்தி போட்டுக் கொஞ்ச நாளில் கொட்டையைப் பிளந்தால் பூரான் இனிப்பாகப் பஞ்சு மாதிரி இருக்கும், சுற்றிவர வெட்டவே முடியாத கெட்டியான பருப்பு. அந்தக் கெட்டிப் பருப்பு பயறில் இருப்பது போன்ற மாப்பொருள் இல்லை, வேறு வகை. பூரான் அதைக் கரைத்து உறிஞ்சிக் கீழே அனுப்ப, கிழங்கில் மாப்பொருளாகச் சேருகிறது. கிழங்கு முற்றினால் கொட்டைக்குள் ஒன்றும் மிச்சமிருக்காது. பனையில் சேமிப்பு கிழங்குக்கு இடம் மாறுவதால் நமக்கு நட்டமில்லை. பயறில் அப்படி ஒரு கிழங்கு இல்லை, வித்திலை சுருங்கி விழுந்தால் அவ்வளவுதான்.

உங்கள் 150 கிலோவுக்கு வருவோம். நெற்றுக்குள் அரை விரல்கடை அளவு முளை எட்டிப்பார்த்து, பிறகு நீங்கள் காயவைத்துவிட்டீர்கள். அதாவது வாயு சீனி பெரும்பாலும் போய், பெரிய சேமிப்பு இன்னும் இருக்கும் கட்டத்தில் தற்செயலாக நிறுத்தியிருக்கிறீர்கள். அதனால்தான் திரும்ப நனைக்க வேண்டாம் என்கிறேன். காய்ந்த முளை செத்துவிட்டது. தண்ணீர் பட்டால் அது வளராது, அழுகும்.

முதலில் பூஞ்சணத்தைப் பாருங்கள். ஒவ்வொரு உரப்பையின் அடியிலிருந்தும் நடுவிலிருந்தும் ஒவ்வொரு பிடி எடுத்து வெள்ளைத் துணியில் பரப்புங்கள். பச்சை, மஞ்சள்பச்சை, கறுப்புத் தூள் ஒட்டியிருந்தால், அல்லது மக்கல் மணம் அடித்தால், அந்த உரப்பையைக் கோழிக்குக் காட்டவே வேண்டாம். பொறுக்கிப் பிரித்தால் சரிவரும் என்று நினைக்காதீர்கள், வறுத்தாலும் அவித்தாலும் பூஞ்சண நஞ்சு போகாது. குஞ்சுகளையும் தாராவையும் அது சீக்கிரம் விழுத்தும், பால்மாட்டுக்குக் கொடுத்தால் பாலுக்கும் வரும். அப்படிப்பட்டதைக் குழிக்குள் போட்டு மூடிவிடுங்கள். நல்லதாக இருப்பதைப் படங்கில் மெல்லிசாகப் பரப்பி, கடித்தால் 'டக்' என்று உடையும் வரை இன்னும் இரண்டு வெயில் காட்டுங்கள்.

கோழிக்கு: ஊர்க்கோழி ஒன்று நாளுக்கு 100 கிராம் தின்னும் என்று வைத்தால் 40க்கும் 4 கிலோ. அதில் பயறு 600 கிராமுக்கு மேல் போக வேண்டாம், மற்றது வழமையான குருணலும் தவிடும் சோளனும். சமிபாட்டைத் தடுக்கும் அந்தப் பொருளின் மிச்சம் சூட்டில்தான் அடங்கும், ஆகவே வெறும் சட்டியில் மணம் வரும்வரை வறுத்து உடைத்துப் போடுங்கள். முதல் வாரம் பாதி அளவுதான்.

பசுவுக்கு முளைத்ததோ முளைக்காததோ பெரிய வித்தியாசமில்லை. அதன் முதல் வயிற்றில் உள்ள கிருமிகளே ராஃபினோஸையும் பைற்றிக் அமிலத்தையும் உடைத்துவிடும். முளைகட்டுவது நமக்கும் கோழிக்கும் செய்கிற உதவி, மாட்டுக்கு அந்த மினக்கேடு தேவையில்லை. உடைத்ததை ஒரு பசுவுக்கு நாளுக்கு ஒரு கிலோ, காலையும் மாலையும் பிரித்து, வைக்கோலோ புல்லோ தின்ற பிறகு கொடுங்கள். வெறுவயிற்றில் அள்ளிப் போட்டால் வயிறு ஊதும். இந்தக் கணக்கில் கோழிக்கும் இரண்டு பசுவுக்குமாக நாளுக்கு 2.6 கிலோ, 150 கிலோவும் இரண்டு மாதத்துக்குள் முடிந்துவிடும், அதற்கு மேல் வைத்திருக்காமல் இருப்பதே நல்லது. மாட்டுக்கு முளைத்த தானியம் கொடுக்கும் பழக்கம் வந்தால் ஒன்று மட்டும் ஞாபகம் வையுங்கள்: இறுங்கு முளையும் இளம் இறுங்குப் பயிரும் வேண்டாம், அதில் சயனைட்டு நஞ்சு உண்டு.

விதை. முளைவேர் ஒருமுறை வெளியே வந்து காய்ந்தால் அந்த விதை முடிந்தது, காய்வதைத் தாங்கும் சக்தியை அது இழந்துவிட்டது. முளை தெரியாமல் ஊறி மட்டும் காய்ந்தவையும் உரப்பைக்குள் கலந்திருக்கின்றன, அவற்றில்தான் ஆட்கள் ஏமாறுவது. சில முளைக்கும். ஆனால் சேமிப்பில் கொஞ்சம் செலவாகிவிட்டது, உள்ளே பழுதும் இருக்கும். பயறின் வித்திலை மண்ணைத் தள்ளிக்கொண்டு மேலே வர வேண்டும், முளைத்தண்டுக்கு அந்தச் சேமிப்பைவிட்டால் வேறு பலம் இல்லை. உங்கள் பக்கத்துச் செம்மண்ணில் மழை பெய்து வெயில் எறித்தால் மேல்மண் ஓடு மாதிரி இறுகும், நல்ல விதையே 5 சென்ரிமீற்றர் ஆழத்தில் விழுந்தால் திணறும். பலம் குறைந்தது உள்ளேயே வளைந்து செத்துப்போகும், நீங்கள் எறும்பு தின்றுவிட்டது என்று நினைப்பீர்கள்.

மழைக்கு முன்னம் பறித்த நெற்று தனியாக இருந்தால் விதைக்கு அதைப் பாருங்கள். 100 விதையை எண்ணி ஈரச்சாக்கில் வரிசையாக வைத்துச் சுருட்டி, ஐந்தாம் நாள் விரியுங்கள். வேரும் தண்டும் நேராக, இரண்டு வித்திலையும் முழுசாக உள்ளதை மட்டும் எண்ண வேண்டும், நுனி கருகினதையும் வித்திலை உடைந்ததையும் சேர்க்காதீர்கள். 80க்குக் கீழே வந்தால் அதையும் தீவனத்தோடு சேர்த்துவிட்டு, விதைக்கு உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் இப்பவே சொல்லி வையுங்கள். அடுத்த இடைப்போகத்தில் செடியை மொத்தமாகப் பிடுங்கக் காத்திருக்காமல், கறுத்த நெற்றை வாரத்துக்கு ஒருக்கால் கையால் பறித்துக் கொட்டிலுக்குள் பரப்புங்கள். ஒன்றரை ஏக்கருக்கு ஆட்கள் சில காலைப்பொழுது மினக்கெட வேண்டியிருக்கும்.