விற்காமலே பணம் போனது எப்படி? ஃப்யூச்சர்ஸ் கேள்வி பதில்

500-க்கு ஒரு லாட் வாங்கினேன். இன்னும் விற்கவில்லை. இரண்டே நாளில் 1,600 கட்டச் சொல்கிறார்கள். எனக்குக் குறைவது 100 தானே?

ஃப்யூச்சர்ஸ் என்பது பின்னொரு தேதியில் வாங்கவோ விற்கவோ இன்றே விலை பேசிக்கொள்ளும் ஒப்பந்தம். உங்கள் எண்களையே வைத்துக்கொள்வோம். லாட்டுக்கு 100 அலகு, தொடங்கும்போது கட்டும் தொடக்க மார்ஜின் 6,000, கணக்கு அதற்குக் கீழே போகக் கூடாத பராமரிப்பு மார்ஜின் 4,500. முதல் நாள் லாப நஷ்டத்தைக் கணக்கிடும் செட்டில்மென்ட் விலை 492. அலகுக்கு 8 வீதம் 800 போய் 5,200 மிஞ்சியது. மறுநாள் 484; இன்னொரு 800 போய் 4,400. பராமரிப்பு அளவுக்கு 100 குறைவு என்பது சரிதான். ஆனால் அந்தக் கோட்டைத் தாண்டிக் கீழே வந்துவிட்டால், தொடக்க அளவான 6,000 வரை நிரப்ப வேண்டும். அதனால்தான் 1,600.

நீங்கள் விற்காவிட்டாலும் அந்தப் பணம், வாங்குபவருக்கும் விற்பவருக்கும் நடுவே நின்று கணக்குத் தீர்க்கும் கிளியரிங் ஹவுஸ் வழியாக, விலை இறங்கும் என்று விற்றவரின் கணக்குக்கு அன்றன்றே போய்விடுகிறது. சில சந்தைகளில் பராமரிப்பு அளவு என்று தனியாக எதுவும் இல்லை. குறைந்ததை அப்படியே கட்ட வேண்டும்.

மார்ஜின் என்பது முன்பணம்தானே?

இல்லை, பிணை. உங்கள் லாட்டின் மதிப்பு 50,000, லாப நஷ்டம் ஆடுவது அதன்மீதுதான்.

பங்கை முழுப் பணம் கொடுத்து வாங்கி வைத்திருக்கிறேன். எனக்கும் தினமும் கழிப்பார்களா?

கழிக்க மாட்டார்கள். இது ஃப்யூச்சர்ஸுக்கான பகுதி.

முதல் கேள்வி கேட்டவரின் லாட் 484-க்குப் பிறகு 490-க்கு ஏறி, கடைசியில் அவர் 503-க்கு விற்றார் என்று வையுங்கள். லாபம் 300. தினசரிக் கணக்கு வெறும் சடங்குதானே?

கூட்டல் சரி: இரண்டு முறை 800 போய், 600-ம் 1,300-ம் வந்தால் மிச்சம் 300. ஆனால் இரண்டாம் நாள் 1,600 கட்ட முடியாதவரின் லாட்டை புரோக்கர் 484 அளவில் விற்றிருப்பார். 503 வந்தபோது அவர் சந்தையிலேயே இல்லை.

அது சிறியவர்களுக்கு. பெரிய நிறுவனங்களுக்குப் பணமா பஞ்சம்?

1993-ல் ஜெர்மனியின் மெட்டல்கெசல்ஷாஃப்ட் இதில்தான் சிக்கியது. அதன் அமெரிக்கக் கிளை, எண்ணெய்ப் பொருள்களை நிலையான விலையில் பல ஆண்டுகள் தருவதாக வாடிக்கையாளர்களிடம் ஒப்பந்தம் செய்து, விலையேற்றத்துக்குக் காப்பாகக் குறுகிய கால ஃப்யூச்சர்ஸை வாங்கிக் குவித்தது. எண்ணெய் விலை விழுந்தது. வாடிக்கையாளர் ஒப்பந்தங்களின் லாபம் வர ஆண்டுகள் ஆகும். ஃப்யூச்சர்ஸ் நஷ்டத்தை அன்றன்றே கட்ட வேண்டும். தாய் நிறுவனம் பாதியில் நிறுத்தியது. நஷ்டம் 100 கோடி டாலருக்கு மேல்.

நிறுத்தியதுதான் தவறு. பொறுத்திருந்தால் மீண்டிருக்கும்.

அப்படி வாதிட்ட பொருளியலாளர்கள் உண்டு. காப்பு முறையே கோணல் என்று மறுத்தவர்களும் உண்டு. நான் இரண்டாம் கட்சி: மாதாமாதம் புதுப்பிக்க வேண்டிய ஒப்பந்தத்தை வைத்துப் பத்தாண்டு வாக்குறுதியைக் காப்பது எனக்கு ஒப்பவில்லை. நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

மார்ஜின் முன்பணம் இல்லையா?

மேலே பாருங்கள். லாட்டின் முழு மதிப்பையும் பாருங்கள்.

மார்ஜின் தொகைக்கு மேல் நஷ்டம் வராது அல்லவா?

வரும். மேலே சொன்ன லாட்டில் சந்தை ஒரே இரவில் 500-லிருந்து 430-க்குத் திறந்தால் நஷ்டம் 7,000. கணக்கில் இருந்த 6,000 போக, மீதி 1,000 உங்கள் கடன்.