தம்பிக்குச் சொல்லாத ஐந்தரை லட்சம்

கேள்வி: "எங்கள் ஜவுளிக்கடை கிடங்கில் ஜனவரியில் தீப்பிடித்து, 24 லட்ச ரூபாய் அடக்கமுள்ள சரக்கு பாழாயிற்று. அதில் 4 லட்ச ரூபாய் அடக்கமுள்ள நனைந்த சேலைகளை 2 லட்சத்துக்கு விற்றோம். மீதி 22 லட்சத்தை இன்சூரன்ஸில் கேட்டோம். அப்பா காலத்தில் போட்ட 30 லட்ச ரூபாய் பாலிசிதான் இன்னும் ஓடுகிறது. தீப்பிடித்த அன்று மொத்தச் சரக்கு 40 லட்சம் என்று சர்வேயர் கணக்கிட்டதால், 16.5 லட்சம் மட்டும் ஏற்பதாக மார்ச் 10ஆம் தேதி கடிதம் வந்தது. நான் எதிர்த்து எழுதப் போகிறேன். அதனால் 22 லட்சத்தையும் வரவேண்டிய தொகையாகக் கணக்கில் காட்டலாமா? பாதிப் பங்குதாரனான என் தம்பி வெளியூரில் வேலையில் இருக்கிறான். அவன் மனம் கஷ்டப்படக் கூடாது என்று முழுத் தொகையும் வந்துவிடும் என்றே சொல்லி வைத்திருக்கிறேன்."
– ஒரு ஜவுளி வியாபாரி

பதில்: காட்டக் கூடாது. ஏன் என்பதைச் சொல்வதற்கு முன், உங்கள் கடிதத்தின் கடைசி வரியைப் பற்றிப் பேச வேண்டும். மற்ற எல்லாத் தொகைகளையும் ஒழுங்காக எழுதிவிட்டு, போகிற போக்கில் தம்பியைப் பற்றி ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். அந்த வரி இல்லையென்றால் உங்களுக்கு இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. தம்பியிடம் 22 லட்சம் என்று சொல்லிவிட்டதால், கணக்கும் 22 லட்சம் என்றே சொல்ல வேண்டியதாகிவிட்டது. அவர் மனம் நோகக் கூடாது என்கிறீர்கள். நான் அதை நம்பவில்லை. கடையை நடத்துகிறவர் நீங்கள், ஆண்டுதோறும் பிரீமியம் கட்டுகிறவர் நீங்கள், சரக்கு 40 லட்சமாக வளர்ந்ததைப் பார்த்துக்கொண்டே பாலிசியை 30 லட்சத்தில் விட்டவரும் நீங்கள். அது தம்பிக்குத் தெரிந்துவிடுமே என்றுதான் அஞ்சுகிறீர்கள்.

குறைத்துத் தருவதாக அவர்கள் எழுதியதற்குப் பாலிசியிலேயே உள்ள சராசரி விதிதான் காரணம். சரக்கின் மதிப்பு 40 லட்சமாக இருக்கும்போது 30 லட்சத்துக்கு மட்டும் காப்பீடு செய்தவர், மீதிக் கால் பங்குக்குத் தானே பொறுப்பேற்றுக்கொண்டவராகக் கருதப்படுவார். ஆகவே 22 லட்ச இழப்பில் முக்கால் பங்கான 16.5 லட்சம்தான் கிடைக்கும். சில பாலிசிகளில் 15 சதவீதம் வரையுள்ள குறைவைப் பொருட்படுத்துவதில்லை. உங்களுடையது 25 சதவீதக் குறைவு.

எதிர்த்து எழுதுங்கள், அதில் தவறில்லை. ஆனால் விதியை எதிர்த்துப் பயனில்லை. அந்த 40 லட்சம் சரிதானா என்பதை மட்டுமே கேட்க முடியும். சர்வேயர் அந்தத் தொகைக்கு எப்படி வந்திருப்பார் என்று பாருங்கள். ஆண்டுத் தொடக்கச் சரக்கு 36 லட்சம், தீப்பிடித்த நாள் வரை கொள்முதல் 84 லட்சம், விற்பனை 1 கோடி, உங்கள் வழக்கமான மொத்த லாபம் 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். விற்ற சரக்கின் அடக்கம் 80 லட்சம் ஆகிறது. 120 லட்சத்தில் அது போக நிற்பது 40 லட்சம். இந்த நான்கு தொகைகளில் ஒன்று தவறு என்று பில்லோடு காட்ட முடிந்தால் உங்கள் வாதத்துக்கு உயிர் உண்டு. மாறாக, வங்கிக் கடன் வரம்புக்காக மாதந்தோறும் நீங்கள் கையெழுத்திட்டுக் கொடுக்கும் சரக்கிருப்பு அறிக்கையிலும் அதே 40 லட்சம் இருக்குமானால், அதைக் குறைத்துப் பேச உங்களுக்கு வாயில்லை. பணம் தரும்போது நீட்டப்படும் ரசீதில் "முழுமையும் இறுதியுமான தீர்வு" என்ற சொற்கள் இருந்தால், மறுப்பை எழுத்தில் பதிவு செய்யாமல் கையெழுத்திடாதீர்கள். பிறகு மீதியைக் கேட்பது மிகவும் கடினம்.

இனிக் கணக்குக்கு வருவோம். "தீ நட்டக் கணக்கு" என்று தனியாக ஒன்றைத் திறந்து, அதில் 24 லட்சத்தைப் பற்று வைத்து, வியாபாரக் கணக்கில் வரவு வையுங்கள். அடக்க விலையில்தான் எழுத வேண்டும். விற்றிருந்தால் கிடைத்திருக்கும் லாபம் இதில் சேராது. பலர் இந்தப் பதிவையே விட்டுவிடுகிறார்கள். எரிந்த சரக்கு இறுதிச் சரக்கிருப்பில் இல்லாததால் நட்டம் தானாகவே கணக்கில் வந்துவிட்டது என்பது அவர்கள் எண்ணம். அப்படி விட்டால் 20 சதவீதமாக இருக்க வேண்டிய மொத்த லாபம் காரணமே தெரியாமல் சரிந்து நிற்கும்; நாளை வரி அதிகாரி, விற்பனையை மறைத்தீர்களா என்று கேட்பார்.

நனைந்த சேலைகளுக்குக் கிடைத்த 2 லட்சத்துக்குப் பில் போட்டு வரி கட்டியிருந்தாலும், அதை வழக்கமான விற்பனையோடு கலக்காமல் தீ நட்டக் கணக்கில் வரவு வையுங்கள். அடுத்தது நீங்கள் எழுதாமல் விட்ட ஒரு தொகை. முற்றிலும் எரிந்த 20 லட்சச் சரக்கை வாங்கும்போது எடுத்துக்கொண்ட உள்ளீட்டு வரியை ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5)(h) பிரிவின்படி திருப்பிக் கட்ட வேண்டும். 5 சதவீதம் என்றால் 1 லட்சம். அதுவும் தீ நட்டக் கணக்கில் பற்றாகச் சேரும். விற்றுவிட்ட நனைந்த சேலைகளுக்கு இது பொருந்தாது.

பிறகு காப்பீட்டு நிறுவனத்தின் பெயரில் 16.5 லட்சத்தைப் பற்று வைத்து, தீ நட்டக் கணக்கில் வரவு வையுங்கள். ஏற்புக் கடிதம் மார்ச் 31க்கு முன்பே வந்துவிட்டதால், இந்தத் தொகை இந்த ஆண்டின் இருப்புநிலைக் குறிப்பில் வரவேண்டியதாக நிற்கத் தகுதியுடையது. அவர்கள் மறுத்துவிட்ட 5.5 லட்சத்துக்கு அந்தத் தகுதி இல்லை. நீங்கள் கேட்டிருக்கிறீர்கள் என்பதாலேயே ஒரு தொகை சொத்தாகிவிடாது; கொடுக்க வேண்டியவர் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும், அல்லது கிடைப்பது ஏறக்குறைய உறுதியாகியிருக்க வேண்டும். வாதாடி வென்றால், வென்ற ஆண்டின் வருமானமாக எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது தீ நட்டக் கணக்கில் ஒரு பக்கம் 25 லட்சம், மறுபக்கம் 18.5 லட்சம். மிஞ்சும் 6.5 லட்சம் இந்த ஆண்டின் லாப நட்டக் கணக்கில் பற்றாகப் போகிறது. நீங்கள் இருவரும் சமபங்குக்காரர்கள் என்பதால், ஆளுக்கு 3.25 லட்சம்.

அந்த 3.25 லட்சம் உங்கள் தம்பியின் பணம். உங்கள் யோசனைப்படி 5.5 லட்சத்தைச் சொத்தாகக் காட்டினால், இல்லாத லாபத்தில் பங்கு இருப்பதாக நம்பி அவர் பணம் எடுப்பார். தந்தை விட்டுச்சென்ற மூலதனத்தைத்தான் இருவரும் எடுத்துச் செலவழிப்பீர்கள். பங்குதாரர்கள் ஒருவருக்கொருவர் உண்மையான கணக்கையும் முழுத் தகவலையும் தர வேண்டும் என்று 1932ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டம் தன் 9ஆம் பிரிவில் சொல்கிறது. கூடப் பிறந்தவருக்கு இதைச் செய்யச் சட்டம் வேண்டியதில்லை என்பது என் கருத்து. மூத்தவர் என்பதால் தம்பியின் கவலையையும் சேர்த்துச் சுமப்பதாக நினைக்கிறீர்கள். உண்மையில் அவருடைய பணத்தைப் பற்றி அவர் முடிவெடுக்கும் உரிமையைப் பறித்திருக்கிறீர்கள். வழக்காடுவதா, கடையில் புதிதாக முதல் போடுவதா என்பதில் அவருக்கும் சரிபாதிச் சொல் உண்டு.

தீ நட்டக் கணக்கின் பேரேட்டுப் பக்கத்தையும், மார்ச் 10ஆம் தேதிக் கடிதத்தையும், பாலிசியின் நகலையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே தம்பியின் வீட்டுக்குப் போங்கள். தொலைபேசியில் சொல்ல வேண்டாம். பாலிசியில் 30 லட்சம் என்று அச்சாகியிருக்கும் இடத்தை முதலில் காட்டுங்கள், 6.5 லட்சத்தைப் பிறகு சொல்லலாம். ஆண்டு முடிவில் இருப்புநிலைக் குறிப்பில் அவரும் கையெழுத்திட வேண்டும். அதற்குள் அவர் கேட்க நினைக்கும் கேள்விகளையெல்லாம் கேட்டு முடித்திருக்கட்டும்.