சோறு போட்ட பெரியம்மாவும் கொலைக் குற்றவாளியா?

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊரில் கோயில் திருவிழாத் தகராறில் ஒருவரை வெட்டிக் கொன்றுவிட்டார்கள். வெட்டியவர்களில் ஒருவன் அன்று இரவு பக்கத்து ஊரிலிருக்கும் தன் பெரியம்மா வீட்டுக்குப் போய், இரண்டு நாள் அங்கேயே தங்கிவிட்டு, மூன்றாம் நாள் பிடிபட்டான். சோறு போட்டு, சட்டையைத் துவைத்துக் கொடுத்ததற்காக அந்த அம்மாவையும் கொலை வழக்கில் ஐந்தாவது குற்றவாளியாகச் சேர்த்து ரிமாண்ட் செய்துவிட்டார்கள். கொலை நடந்த இடத்துக்கே போகாதவர் கொலைகாரர் ஆவாரா? ஆங்கிலத் தொடர்களில் வரும் 'ஆக்சஸரி ஆஃப்டர் த ஃபாக்ட்' என்பது இதுதானா?

ரா., சிவகங்கை மாவட்டம்

அன்புள்ள ரா.,

அந்தப் பெயரில் நம் சட்டத்தில் தனிக் குற்றம் கிடையாது. குற்றம் முடிந்த பிறகு செய்யும் உதவிகளை நம் சட்டம் துண்டு துண்டாகப் பிரித்துத் தனித்தனிப் பிரிவுகளில் வைத்திருக்கிறது. ஆளை ஒளித்துவைப்பது ஒரு பிரிவு. தடயத்தை அழிப்பது இன்னொன்று. இரண்டுமே கொலையில் பங்கெடுப்பதிலிருந்து வேறானவை. நீங்கள் எழுதியிருப்பதை மட்டும் வைத்துப் பார்த்தால் அந்த அம்மா மேல் கொலைக் குற்றச்சாட்டு நிற்காது. ஆனால் அவர் மேல் எந்த வழக்குமே வராது என்றும் சொல்ல முடியாது.

இதற்கு நம் கண்முன் நடந்த பெரிய உதாரணம் ராஜீவ் காந்தி கொலை வழக்கு. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்தது. பூந்தமல்லி தடா நீதிமன்றம் 1998 ஜனவரி 28 அன்று தீர்ப்புச் சொன்னபோது விசாரிக்கப்பட்ட 26 பேருக்கும் தூக்கு. திட்டம் போட்டவர்கள், கூட இருந்தவர்கள், பின்னால் இடம் கொடுத்தவர்கள் என்ற வித்தியாசமே இல்லாமல் எல்லோருக்கும் ஒரே தண்டனை. கொலையை முன்நின்று நடத்திய சிவராசனும் அவர் கூட்டாளி சுபாவும் கடைசியாகப் பதுங்கியிருந்தது பெங்களூரை அடுத்த கோணனகுண்டேயில். அங்கே தங்க வீடு கொடுத்தவரும் அந்த 26 பேரில் ஒருவர். குண்டு வெடித்துப் பல வாரங்கள் கழித்து அவர் வீட்டுக்குள் வந்தவர்களுக்காக அவருக்கும் தூக்கு!

1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் இதைப் பிரித்துப் பார்த்தது. நான்கு பேருக்குத் தூக்கு உறுதியானது, மூன்று பேருக்கு ஆயுள் தண்டனையாகக் குறைந்தது, மீதி 19 பேர் கொலைச் சதியிலிருந்து விடுபட்டார்கள். அதற்காக அந்த 19 பேரும் ஒன்றுமே செய்யவில்லை என்று நீதிமன்றம் சொல்லிவிடவில்லை. அடைக்கலம் கொடுத்தது போன்ற சிறிய குற்றங்கள் சிலர் மேல் நிரூபணமாகியிருந்தன. அவற்றுக்கு உண்டான தண்டனைக் காலத்தை ஏற்கெனவே உள்ளே கழித்துவிட்டதால் வெளியே வந்தார்கள். அந்தத் தீர்ப்பில் நீதிபதி டி.பி. வாத்வா கூட்டுச்சதிக்கான விதிகளைத் தொகுத்துக் கொடுத்திருக்கிறார். அதில் ஒன்று உங்கள் கேள்விக்கென்றே எழுதியது போல இருக்கும். சதியின் நோக்கம் நிறைவேறிய பிறகு ஒருவர் செய்யும் காரியம், அது சட்டவிரோதமானதாகவே இருந்தாலும், அவரைச் சதிகாரர் ஆக்கிவிடாது என்கிறார். அதற்கு அவர் தரும் உதாரணமே தலைமறைவானவனுக்கு அடைக்கலம் கொடுப்பதுதான்.

ஆனால் அதே விதியின் முதல் பாதியையும் படிக்க வேண்டும். பின்னால் நடந்துகொண்ட விதம், அவர் முன்பே சதியில் இருந்தார் என்பதைக் காட்டும் சான்றாக அமையலாம் என்றும் அதில் இருக்கிறது. வழக்கு முழுக்க இந்த இடத்தில்தான் நிற்கிறது. 'நீங்கள் முடித்துவிட்டு வாருங்கள், நான் இரண்டு நாள் பார்த்துக்கொள்கிறேன்' என்று கொலைக்கு முன்பே பெரியம்மா சொல்லியிருந்தால், அவர் வீட்டைவிட்டு நகராமலே சதியில் பங்காளி. அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 61ஆம் பிரிவு, பழைய தண்டனைச் சட்டத்தில் 120பி. உடந்தைக்கும் இதே கணக்குதான். செயலுக்கு முன்போ செயல் நடக்கும்போதோ அதைச் சுலபமாக்கச் செய்த உதவியைத்தான் சட்டம் உடந்தை என்கிறது. முன்பே பேச்சு எதுவும் இல்லை, அவன் வந்து கதவைத் தட்டிய பிறகுதான் எல்லாம் தெரியும் என்றால் அது வேறு கணக்கு. சோறு போட்டது எப்போது என்பதைவிட, மனசு சேர்ந்தது எப்போது என்பதுதான் கேள்வி.

சரி, முன்பே தெரியாது என்றே வைத்துக்கொள்வோம். அந்த இரண்டு நாளைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். ராத்திரி பதினோரு மணிக்குத் தங்கை மகன் வருகிறான். 'ஊரில் சண்டை, அதான் வந்துட்டேன்' என்கிறான். சாப்பாடு போட்டுப் பாய் விரித்துக் கொடுக்கிறார். இதில் குற்றமே இல்லை. அடைக்கலக் குற்றத்துக்கு (புதிய சட்டத்தில் 249, பழையதில் 212) இரண்டு சங்கதி வேண்டும். அவன் குற்றம் செய்தவன் என்று தெரிந்திருக்க வேண்டும், அல்லது அப்படி நம்பப் போதுமான காரணம் இருக்க வேண்டும். அதோடு, தண்டனையிலிருந்து அவனைத் தப்பவைக்கும் நோக்கமும் இருக்க வேண்டும்.

மறுநாள் காலையில் டீக்கடைப் பேச்சாகவோ டிவி செய்தியாகவோ சேதி வந்துவிடுகிறது. இப்போது அவருக்குத் தெரியும். அதற்குப் பிறகும் கதவைச் சாத்தி உள்ளே வைத்துக்கொண்டு, தேடி வந்தவர்களிடம் 'இங்கே யாரும் இல்லை' என்று சொல்லியிருந்தால், அந்த நிமிஷத்திலிருந்து 249. வீட்டில் இடம் கொடுப்பது மட்டும்தான் அடைக்கலம் என்றும் நினைக்க வேண்டாம். சாப்பாடு, பணம், துணிமணி, போக வண்டி என்று தப்பிக்க உதவும் எதுவும் இதில் அடங்கும். மாறாக, 'போய் சரண்டர் ஆகிடுப்பா' என்று சொல்லி, வக்கீலுக்குப் போன் போட்டு, வக்கீல் வரும்வரை வீட்டில் உட்காரவைத்திருந்தார் என்றால், தப்பவைக்கும் நோக்கம் எங்கே இருக்கிறது என்று நான் கேட்பேன். நம் பக்கத்தில் கொலை வழக்கில் தேடப்படுகிறவர்கள் வேறு மாவட்ட மாஜிஸ்திரேட் முன் போய்ச் சரணடைவது ஒன்றும் புதிதில்லையே.

சட்டைதான் சிக்கல். ரத்தக்கறை இருந்தது, அது என்ன ரத்தம் என்று தெரிந்தே, தடயம் போகட்டும் என்று துவைத்தார் என்றால் அது தடயம் அழித்த குற்றம். புதிய சட்டத்தில் 238, பழையதில் 201. கொலை வழக்கு என்றால் அடைக்கலத்துக்கு அதிகபட்சம் 5 ஆண்டு, தடயம் அழித்ததற்கு 7 ஆண்டு. வந்த பிள்ளையின் அழுக்குத் துணியை மற்ற துணிகளோடு சேர்த்து முக்கி வைத்தார் என்றால் அதில் ஒன்றும் இல்லை. முதல் நாள் ராத்திரியா, சேதி தெரிந்த பிறகா, எப்போது துவைத்தார் என்று வக்கீல் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது.

அடைக்கலப் பிரிவில் ஒரு விலக்கு உண்டு. கணவனை மனைவியோ மனைவியைக் கணவனோ ஒளித்துவைத்தால் குற்றமில்லை. அம்மாவுக்கு அந்த விலக்கு கிடையாது, பெரியம்மாவுக்கும் கிடையாது. பெற்ற பிள்ளை கதவைத் தட்டினால் எந்தத் தாய் வெளியே நிறுத்துவாள்? நம் குடும்பங்களைத் தெரிந்தவர்கள் எழுதிய விலக்காக எனக்கு இது படவில்லை. இன்னொன்று, தடயம் அழிப்பதில் மனைவிக்கும் விலக்கு இல்லை. புருஷனை அறைக்குள் ஒளித்தால் தப்பு இல்லை, அவன் சட்டையைக் கொளுத்தினால் உள்ளே போக வேண்டியதுதான்.

அடைக்கலமோ தடயமோ, முதலில் ஒரு குற்றம் நடந்தது என்பது நிரூபணமாக வேண்டும். 1952இல் பல்விந்தர் கௌர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்திச் சொன்னது. கணவரின் உடலைப் பெட்டியில் வைத்துக் கிணற்றில் போட்டார்கள் என்பது வழக்கு. கொலையிலிருந்து உயர் நீதிமன்றம் அவரை விடுவித்துவிட்டது, தடயம் அழித்த தண்டனை மட்டும் மிச்சம். ஆனால் கணவர் கொல்லப்பட்டார் என்பதே சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கப்படவில்லை, அப்படியிருக்க எந்தக் குற்றத்தின் தடயத்தை அழித்தார் என்று கேட்டு உச்ச நீதிமன்றம் அதிலிருந்தும் விடுவித்தது. உங்கள் ஊர் வழக்கில் இந்த வாதம் அவ்வளவாக உதவாது. திருவிழாக் கூட்டத்தில் நடந்த கொலை, சாட்சிகள் இருப்பார்கள்.

அப்புறம் ஏன் கொலையில் சேர்த்தார்கள்? அடைக்கலம் ஜாமீனில் விடக்கூடிய குற்றம். அதை மட்டும் போட்டிருந்தால் அந்த அம்மா ஜாமீன் கொடுத்துவிட்டு அன்றைக்கே வீட்டுக்கு வந்திருப்பார். சதியோ கொலையோ சேர்ந்தால்தான் ரிமாண்ட். வேறு காரணமும் இருக்கலாம். பிடிபட்ட பையனின் வாக்குமூலத்தில் 'பெரியம்மாவிடம் முன்பே சொல்லிவிட்டுத்தான் போனோம்' என்று ஒரு வரி இருக்கிறதா என்று நகல் வாங்கிப் பாருங்கள். போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாதாரணச் சட்டத்தில் சாட்சியமாகச் செல்லாது. ராஜீவ் வழக்கில் செல்லுபடியானது தடா சட்டம் தனியாக அனுமதித்ததால். உங்கள் ஊர் வழக்கில் அந்த வரி மட்டும்தான் ஆதாரம் என்றால் சதி நிற்காது. ஆனால் சம்பவத்துக்கு முந்தின நாட்களில் அவனும் பெரியம்மாவும் அடிக்கடி போனில் பேசியிருந்தால், வழக்கமில்லாத பணம் கைமாறியிருந்தால், அதற்குப் பதில் சொல்ல வேண்டிவரும். வாரம் இரண்டு தடவை எப்போதும் பேசுகிறவர்கள்தான் என்பதைக் காட்ட ஆறு மாத அழைப்பு விவரம் அவருக்கே உதவும்.

குற்றப்பத்திரிகையிலும் அவர் மேல் கொலையும் சதியும் தொடர்ந்தால், வழக்கு செஷன்ஸ் கோர்ட்டுக்கு அனுப்பப்பட்ட நாளிலிருந்து 60 நாளுக்குள் விடுவிப்பு மனு போடலாம். புதிய நடைமுறைச் சட்டம் வைத்திருக்கும் கெடு அது, தவறவிடாதீர்கள். முழு விடுதலை கிடைக்காவிட்டாலும் கொலையும் சதியும் கழன்று 249 மட்டும் மிஞ்சினாலே பாதி பாரம் இறங்கிவிடும்.

அதுவரை ஊர்க்காரர்கள் யாரும் 'அவன் அந்த வீட்டுக்கு வரவே இல்லை' என்று போலீசிடம் சொல்லிக்கொடுக்க வேண்டாம். குற்றவாளியைக் காப்பாற்றத் தெரிந்தே பொய்த் தகவல் கொடுப்பதும் அதே 238இல் வருகிறது. நல்லெண்ணத்தில் சொல்லப் போய் ஆறாவது, ஏழாவது குற்றவாளி ஆகிவிடுவார்கள்.