ஏஎல்யூ புராஜெக்டும் அதன் டெஸ்ட்பெஞ்சும்: ஒரு மாணவருக்குப் பதில்

எட்டு பிட் ஏஎல்யூ ஒன்றை எழுதி, வேவ்ஃபார்மைப் பார்த்துச் சரியென்று முடிவு செய்ததாகவும், வெரிஃபிகேஷன் பணிக்கான ரெஸ்யூமேயில் அதைச் சேர்க்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். சேர்க்கலாம், ஆனால் இப்போதிருக்கும் நிலையில் வேண்டாம். "சரியென்று எப்படித் தெரியும்?" என்று நேர்காணலில் கேட்டால், "நான் பார்த்தேன்" என்பது விடையாகாது.

எதிர்பார்க்கும் விடையை டெஸ்ட்பெஞ்சே கணக்கிட்டு ஒப்பிட வேண்டும். பலர் டிசைனில் உள்ள சூத்திரத்தையே அங்கேயும் நகலெடுத்து வைப்பதால், தவறு இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருந்து எல்லாம் பாஸாகிவிடுகிறது. உங்கள் ஓவர்ஃப்ளோ பிட்டான `v`-ஐயே எடுத்துக்கொள்வோம். இரண்டு எண்களின் குறி பிட்டும் ஒரே மாதிரி இருந்து விடையின் குறி மாறினால் ஓவர்ஃப்ளோ என்று எழுதியிருக்கிறீர்கள். அது கூட்டலுக்குப் பொருந்தும். கழித்தலிலோ, இரு எண்களின் குறிகள் வேறுபடும்போதுதான் ஓவர்ஃப்ளோ வர முடியும். ஆகவே டெஸ்ட்பெஞ்சில் குறி பிட்டைத் தொடாமல், 32 பிட் `int` மாறியான `r`-இல் உண்மையான விடையைக் கண்டு, அது எட்டு பிட்டுக்குள் அடங்குகிறதா என்று மட்டும் கேளுங்கள்:

```
r = sub ? $signed(a) - $signed(b)
        : $signed(a) + $signed(b);
#1;
assert (v === (r > 127 || r < -128))
  else $error("a=%h b=%h sub=%b v=%b", a, b, sub, v);
```

எட்டு பிட்டுக்கு ரேண்டம் மதிப்புகள் தேவையில்லை. ஒரு செயலுக்கு 65,536 ஜோடிகள்தான்; அனைத்தையும் ஓட்டிவிடலாம். லூப் மாறிகளை மட்டும் `int` ஆக வையுங்கள், எட்டு பிட் மாறி 255-ஐத் தாண்டியதும் பூஜ்யத்துக்குத் திரும்புவதால் லூப் முடியவே முடியாது. உங்கள் டிசைனில் கூட்டல் முழுவதும் அமைதியாகக் கடந்துபோகும். கழித்தலின் இரண்டாவது ஜோடியிலேயே `a=00 b=01 sub=1 v=1` என்ற வரி வந்து நிற்கும். 0 − 1 என்பது −1. அதில் ஓவர்ஃப்ளோ ஏது? மாறாக ஹெக்ஸில் `80` − `01`, அதாவது −129, எட்டு பிட்டில் அடங்காததாக இருந்தும் அங்கே உங்கள் `v` பூஜ்யமாக இருக்கும்.

ஒப்பீட்டை `if (v != exp)` என்று எழுதும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். `v`-க்கு மதிப்பே கொடுக்கப்படாமல் `x` ஆக இருந்தால் அந்த ஒப்பீட்டின் விடையும் `x`. `if` அதைப் பொய்யாகவே எடுத்துக்கொள்ளும், பிழைச்செய்தி வராது. (நேர்காணலில் இதைக் கேட்பவர்கள் உண்டு.) `===` இருந்தால் இந்த ஓட்டை அடைபடும்.

டிசைனைத் திருத்தி எல்லாம் பாஸான பிறகு, அதில் நீங்களே ஒரு பிழையை வைத்துப் பாருங்கள்: கழித்தலுக்கான நிபந்தனையை மீண்டும் பழையபடி மாற்றி, அதே பிழை வரி வருகிறதா என்று கவனியுங்கள். வந்தால், அந்த வரியையும் திருத்திய நிபந்தனையையும் புராஜெக்ட் அறிக்கையில் அடுத்தடுத்து வைத்துவிட்டு, ரெஸ்யூமேயை எனக்கு மறுபடி அனுப்புங்கள்.